நன்றியுரையும் தமிழ்த் தொடரின் ஒழுங்கும்

சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஆத்தூரையும் தலைவாசலையும் கடந்தால் வருவது சின்னசேலம். வடக்கே கல்வராயன் மலை. மலையிலும் அடிவாரத்திலும் விளையும் மரவள்ளிக் கிழங்கு, சமவெளியில் விளையும் நெல், மக்காச்சோளம் ஆகியவற்றை நம்பியே இப்பகுதியின் ஆலைகள் ஓடுகின்றன. கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாகச் செயற்படத் தொடங்கிய பின், தொழில் முனைவோருக்கான கூட்டங்களை முன்போல் விழுப்புரம் சென்று கேட்க வேண்டிய தேவை குறைந்தது. கருத்தரங்குகள் உள்ளூர்த் திருமண மண்டபங்களுக்கே வருகின்றன. அவற்றோடு தமிழ் அறியாத விருந்தினரும் வருகின்றனர். வங்கி அதிகாரி வேறு மாநிலத்தவராக இருப்பார். ஜவ்வரிசி வணிகத்துக்கு மராட்டியமும் குசராத்தும் பெருஞ்சந்தைகள் ஆதலால் கொள்முதல் செய்வோர் அங்கிருந்து வருவர். வரித்துறை வல்லுநர் தமிழராயினும் தம் துறையை ஆங்கிலத்திலேயே பேசிப் பழகியவராக இருப்பார்.

இத்தகைய அவையில் இறுதியாக எழுந்து நன்றி சொல்பவரின் பணி, மொழியறிவியல் நோக்கில் மிக நுட்பமானது. பசியும் களைப்பும் மிகுந்த செவிகளுக்கு, நான்கைந்து மணித்துளிகளுக்குள், பத்துப் பன்னிரண்டு பெயர்களை, இரு மொழிகளுக்கு இடையே, யாரும் விடுபடாமல் அவர் சேர்க்க வேண்டும். பலர் இதைக் குரல்வளத்தின் பொறுப்பாகவும் அடைமொழிகளின் பொறுப்பாகவும் விட்டுவிடுகின்றனர். நன்றியுரை செவியில் நிற்பதும் நழுவுவதும் பெரிதும் தொடரமைப்பைப் பொறுத்தவை என்பதே என் துணிபு. தமிழ்த் தொடரின் இயல்பை அறிந்து எழுதினால் இப்பணிக்குத் தமிழைப்போல் இசைந்து வரும் மொழிகள் சிலவே.

முதலில் அந்த இயல்பைக் காண்போம். தமிழ்த் தொடரில் வினை இறுதியில் நிற்கும். ஒரு பெயரை விளக்க வரும் பெயரெச்சமும் அதைச் சார்ந்த சொற்களும் அப்பெயருக்கு முன்னரே வந்து முடிந்துவிடும். ஆங்கிலத்தில் நிலைமை நேர்மாறானது. அங்கே நன்றி என்னும் வினை முதலில் வரும், அடுத்துப் பெயர், அவர் செய்தவை அனைத்தும் அதன் பின்னர். ஆங்கிலத் தொடரைக் கேட்பவருக்கு யாரைப் பற்றிய பேச்சு என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுவதால், பின்வரும் செய்திகளை ஒவ்வொன்றாக அப்பெயரோடு இணைத்துக்கொண்டே செல்ல முடிகிறது. தமிழில் அதே செய்திகளை ஒரே தொடரில் அடுக்கினால் கேட்பவர் அவற்றையெல்லாம் உரியவர் யாரென்று அறியாமலே தாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

அவ்வாறு தாங்கும் ஆற்றலுக்கு எல்லை உண்டு. உடனடி நினைவில் ஏறத்தாழ ஏழு கூறுகள் வரை நிற்கலாம் என்று அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். பின்னர், மனத்துக்குள் திரும்பச் சொல்லிப் பார்க்கும் வாய்ப்பைத் தடுத்து ஆய்ந்த முடிவுகளைத் தொகுத்த நெல்சன் கோவன், 2001இல் அந்த அளவை நான்கு என்ற அளவுக்குக் குறைத்தார். மண்டபத்தில் அமர்ந்திருப்பவர் எதையும் திரும்பச் சொல்லிப் பார்ப்பதில்லை. பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆகவே நான்கு என்னும் எண்ணையே நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

இனி ஒரு கருத்தரங்கை மனத்தில் அமைத்துக்கொண்டு பார்ப்போம். சின்னசேலத்து ஆலை உரிமையாளர்கள் கூடி, கடனும் வரியும் பற்றி ஒருநாள் கருத்தரங்கு நடத்துகின்றனர். சென்னையிலிருந்து பட்டயக் கணக்கர் ஒருவர் வந்து வரி பற்றி உரையாற்றியிருக்கிறார். அவருக்கான நன்றியை மேடைகளில் வழக்கமாகக் கேட்கும் வடிவில் எழுதினால் இப்படி அமையும்:

“சென்னையிலிருந்து இரவோடு இரவாகப் புறப்பட்டு வந்து, சரக்கு சேவை வரித் தாக்கலில் சிறுதொழில் முனைவோர் செய்யும் பிழைகளை எளிய முறையில் எடுத்துரைத்து, கேட்ட வினாக்களுக்கெல்லாம் பொறுமையுடன் விடையளித்து, தாம் எழுதிய கையேட்டையும் அனைவருக்கும் வழங்கிச் சிறப்பித்த பட்டயக் கணக்கர் திருமிகு இன்னார் அவர்களுக்கு விழாக்குழுவின் சார்பில் எங்கள் நெஞ்சார்ந்த நன்றியினை உரித்தாக்கிக்கொள்கிறோம்.”

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆயினும் பெயர் வருவதற்கு முன் நான்கு செயல்கள் வந்துவிட்டன; பெயருக்குப் பின்னும் ‘சார்பில்’, ‘நெஞ்சார்ந்த’, ‘உரித்தாக்கி’ என்று சொற்கள் தொடர்கின்றன. பெயர் தொடரின் நடுவில் புதைந்து போயிற்று. அச்சில் படிக்கும் கண் திரும்பிச் சென்று பெயரைத் தேடிக்கொள்ளும்; செவிக்கு அவ்வசதி இல்லை. இத்தகைய தொடர்கள் அடுத்தடுத்து எட்டு வந்தால், அவையினர் கேட்பதை நிறுத்திவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பர். இதைக் கண்டறிய ஒரு வழி உண்டு: பெயர் சொல்லப்பட்ட நொடியில் அப்பெயருக்குரியவர் தலை நிமிர்கிறாரா என்று பாருங்கள். அருகில் இருப்பவர் அவர் தோளைத் தொட்டு, “உங்களைத்தான் சொல்கிறார்கள்” என்று கூற நேர்ந்தால் தொடர் தோற்றுவிட்டது என்று பொருள்.

இதற்குத் தீர்வாக ஆங்கில ஒழுங்கைத் தமிழில் கொண்டுவரச் சிலர் முயல்கின்றனர். “நன்றி கூறுகிறோம் பட்டயக் கணக்கர் அவர்களுக்கு, அவர் வந்தமைக்காக” என்பது போன்ற தொடர்கள் அவ்வழியில் பிறப்பவை. தமிழ்ச் செவி அதை ஏற்பதில்லை. நம் மொழியிலேயே வேறொரு வழி இருக்கிறது. வினையாலணையும் பெயரை எழுவாயாக நிறுத்தி, ஆளின் பெயரைப் பயனிலையாக்குவதே அது. “இன்று நமக்கு வரித் தாக்கலை விளக்கியவர் பட்டயக் கணக்கர் இன்னார்.” இத்தொடரில் செயல் ஒன்றே, அது குறுகியது, பெயர் தொடரின் இறுதியில் வந்து நிற்கிறது. தமிழ்த் தொடரில் இறுதி இடமே செவி எதிர்பார்த்திருக்கும் இடம். பெயரை அங்கே வைத்துச் சிறிது நிறுத்தினால், அவையின் கண்கள் தாமாகவே உரியவரை நோக்கித் திரும்பும். எஞ்சிய செய்தியை அடுத்த தொடரில் சொல்லலாம்; அப்போது கேட்பவருக்கு அதை எவரோடு இணைப்பது என்ற ஐயம் எழாது. நன்றியை மூன்றாவது தொடருக்கு ஒதுக்கலாம்.

“இன்று நமக்கு வரித் தாக்கலை விளக்கியவர் பட்டயக் கணக்கர் இன்னார். நமக்குச் சரக்கு விற்றவர் தம் விற்பனைப் பட்டியலைப் பதிவேற்றாமல் விட்டால், நாம் கட்டிய வரி நம் GSTR-2B கணக்கில் வராது என்பதை, ஓர் ஆலையின் பட்டியலையே திரையில் காட்டி விளங்கவைத்தார். அவருக்கு நம் நன்றி.”

சொற்கள் குறைந்தன, செய்தி கூடியது. முதல் வடிவில் ‘பிழைகளை எளிய முறையில் எடுத்துரைத்து’ என்றிருந்த பொதுச்சொல், இங்கே உறுதியான ஒரு செய்தியாக மாறியிருக்கிறது. இம்மாற்றம் அழகுக்காகச் செய்யப்பட்டதன்று. மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை, தென்னிந்தியாவில் நன்றியுணர்வு வெளிப்படும் முறையைப் பற்றி 1985இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தமிழரின் அன்றாட வாழ்வில் நன்றியைச் சொல்லால் உடனுக்குடன் கூறிவிடும் வழக்கம் அரிது என்பதும், பெற்ற உதவி பின்னாளில் செயலால் எதிரொலிக்கப்படுகிறது என்பதும் அவர் சுட்டியவை. உணவு பரிமாறிய தாய்க்கோ, கதிரறுக்க வந்து உதவிய பக்கத்து நிலத்தாருக்கோ நாம் வாயால் நன்றி கூறுவதில்லை. ‘நன்றி’ என்று வெளிப்படையாக உரைப்பது மேடைக்கும் அலுவலகத்துக்கும் உரிய வழக்காகவே நமக்குப் பழகியது. எனவே ‘நெஞ்சார்ந்த’, ‘உளமார்ந்த’, ‘மனமுவந்த’ என்று அடைமொழியை ஏற்றிக்கொண்டே போனாலும் கேட்பவர் அதை மேடைச் சடங்காகவே எடுத்துக்கொள்வார். அவர் செய்ததை நாம் கவனித்தோம் என்பதைக் காட்டும் ஒரு செய்தியே தமிழர் மனத்துக்கு நன்றியாகப் படுகிறது.

அடைமொழிகளால் இன்னொரு கேடும் விளைகிறது. ஒருவருக்கு ‘நெஞ்சார்ந்த நன்றி’ என்றும் அடுத்தவருக்கு வெறும் ‘நன்றி’ என்றும் கூறினால், அவை அதைத் தரவரிசையாகவே கேட்கும். பேசுபவர் சொல் மாற்றத்துக்காகச் செய்ததை அமர்ந்திருப்பவர் மதிப்பு வேறுபாடாக எடுத்துக்கொள்வார். எல்லோருக்கும் ‘நம் நன்றி’ என்ற ஒரே சொல்லாட்சியை வைத்து, வேறுபாடு முழுவதையும் செய்தியில் காட்டுவதே சாலச் சிறந்தது.

‘நன்றி’ என்ற சொல்லை ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் மாறாமல் வைப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அது கைதட்டலைப் பற்றியது. இங்கிலாந்தைச் சேர்ந்த மாக்ஸ் அட்கின்சன் 1984இல் வெளியிட்ட நூலில், அரசியல் மேடைப் பேச்சுகளின் ஒலிப்பதிவுகளை நொடிக்கூறுகளாக அளந்து காட்டினார். கைதட்டல் பேச்சு முடிந்த பின் யாரோ தீர்மானித்துத் தொடங்குவதன்று. முடிவு எங்கே வரும் என்பதை அவையினர் முன்கூட்டியே உணர்ந்து, அந்தப் புள்ளியில் ஒருங்கே தட்டுகின்றனர். முடிவு தெளிவாக இருந்தால் கைதட்டல் உடனே எழுந்து ஏறத்தாழ எட்டு நொடிகள் நீடிக்கிறது. தெளிவாக இல்லாவிட்டால் ஓரிருவர் தட்டி, பிறர் தயங்கி, ஒலி சிதறிப்போகிறது. இதனைத் தொடர்ந்து ஜான் ஹெரிட்டேஜும் டேவிட் கிரேட்பேட்சும் பிரித்தானியக் கட்சி மாநாடுகளின் 476 உரைகளை ஆய்ந்து 1986இல் முடிவுகளை வெளியிட்டனர். கைதட்டல்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, முடிவை முன்கூட்டிக் காட்டும் ஒரு சில தொடரமைப்புகளின் பின்னரே எழுந்தன என்று அவர்கள் கண்டனர்.

ஆங்கிலப் பேச்சாளர் இம்முடிவுப் புள்ளியை அமைக்க அரிதின் முயல வேண்டியிருக்கிறது. தமிழில் வினையும் முடிவுச் சொல்லும் இயல்பாகவே ஈற்றில் நிற்பதால், தொடர் முடிந்தது என்பதை ஈற்றுச்சொல்லே அறிவித்துவிடும். நம்மைப் போலவே வினையை ஈற்றில் வைக்கும் சப்பானியர் உரையாடலை ஆராய்ந்த ஹிரோகோ தனாக்காவும், அம்மொழி பேசுவோர் முடிவை அறிய ஈற்றுச் சொற்களையே பெரிதும் நம்புகின்றனர் என்று 1999இல் எழுதினார். எனவே ‘அவருக்கு நம் நன்றி’ என்று ஒவ்வொரு பகுதியும் முடிந்தால், இரண்டாவது முறையிலேயே அவை பழகிவிடும். மூன்றாவது முறை கைதட்டல் ஒரே ஒலியாக எழும். ‘நன்றி’ என்ற சொல் தொடரின் நடுவில் வந்து அதன் பின் மேலும் ஆறு சொற்கள் தொடர்ந்தால், தட்டத் தொடங்கிய கைகள் இடைநின்று தயங்கும். அத்தயக்கம் இருமுறை நிகழ்ந்துவிட்டால் பின்னர் எவரும் தட்ட முன்வரார்.

இனி மொழிக் கலப்பைப் பற்றிக் கூற வேண்டும். தமிழும் ஆங்கிலமும் அறிந்தவர் கலந்திருக்கும் அவையில் இரண்டையும் கலந்து பேசினால் இரு சாராரும் புரிந்துகொள்வர் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. “பேங்க் மேனேஜர் சார் லோன் ப்ரொசீஜர் பத்தி ரொம்ப க்ளியரா எக்ஸ்ப்ளெயின் பண்ணாங்க” என்பது இந்நாளில் மேடைகளில் இயல்பாகக் கேட்கும் தொடர். இதைக் கூர்ந்து நோக்குங்கள். பெயர்ச்சொற்களும் வினையடியும் ஆங்கிலம். வேற்றுமைப் பொருள் காட்டும் ‘பத்தி’, வினையைத் தாங்கும் ‘பண்ணாங்க’, சொல்லொழுங்கு ஆகிய அனைத்தும் தமிழ். கரோல் மையர்ஸ் ஸ்காட்டன் 1993இல் முன்வைத்த கொள்கை இதையே விளக்குகிறது. கலந்த தொடரில் ஒரு மொழி இலக்கணச் சட்டகத்தைத் தருகிறது; மற்றொரு மொழி அச்சட்டகத்துக்குள் செருகப்படும் சொற்களை மட்டுமே தருகிறது.

தமிழ் அறியாத வங்கி அதிகாரியின் செவியில் இத்தொடர் எப்படி விழும்? ‘சார்’ என்பதை விட்டால், வங்கி, மேலாளர், கடன், வழிமுறை, தெளிவு, விளக்கம் என ஆறு சொற்கள் அவருக்குக் கேட்கும். யார் யாருக்கு என்ன செய்தார் என்பதைச் சொல்லும் பகுதி முழுவதும் தமிழில் இருப்பதால் அது அவரை எட்டாது. தம்மைப் பாராட்டினார்களா, தம் வங்கியின் வழிமுறை தெளிவாக இல்லை என்று குறை கூறினார்களா என்பதைக்கூட அவரால் உறுதிசெய்ய முடியாது. தமிழ் அறிந்தவருக்கோ இந்த ஆறு சொற்களும் தமிழிலேயே சொல்லத்தக்கவை. ஆகவே கலப்புத் தொடர் விருந்தினருக்குப் பொருளைத் தராமலும், ஊராருக்குப் புதிதாக எதையும் சேர்க்காமலும் நிற்கிறது.

தொடரின் நடுவில் முழுவதுமாக ஆங்கிலத்துக்குத் தாவுவதும் எளிதன்று. சானா பாப்லாக் 1980இல், நியூயார்க்கில் வாழும் போர்த்தோரிக்கர்களின் எசுப்பானிய ஆங்கிலக் கலப்பை ஆராய்ந்து, இரு மொழிகளின் சொல்லொழுங்கும் பொருந்தும் இடங்களிலேயே மொழித்தாவல் இயல்பாக நிகழ்கிறது என்றார். எசுப்பானியமும் ஆங்கிலமும் சொல்லொழுங்கில் அணுக்கமானவை. பொருந்தும் இடங்கள் அங்கே பல. தமிழும் ஆங்கிலமும் ஏறத்தாழ எதிரெதிர் ஒழுங்கு உடையவை. இவ்விரண்டும் தயக்கமின்றிப் பொருந்தும் இடம் தொடருக்கும் தொடருக்கும் இடையில் உள்ள வெளி ஒன்றே.

ஆகவே இரு மொழியையும் முழுத் தொடர்களாகவே பேச வேண்டும். அதையும் ஒரு தொடர் தமிழ், அதன் மொழிபெயர்ப்பாக ஒரு தொடர் ஆங்கிலம் என்று மாற்றி மாற்றிப் பேசினால் உரையின் நீளம் இரட்டிக்கும். இரு மொழியும் அறிந்தவர் ஒவ்வொன்றையும் இருமுறை கேட்டுச் சலிப்பார். தமிழ் அறியாத விருந்தினர்களுக்கு உரிய பகுதியை ஒன்றுசேர்த்து, ஒரே இடத்தில், ஐந்தாறு ஆங்கிலத் தொடர்களில் சொல்லிவிடுவதே நான் பரிந்துரைக்கும் முறை. அதற்கு முன் தமிழில் ஒரு சொல் அறிவிக்க வேண்டும்: “அடுத்த சில சொற்களை நம் விருந்தினருக்காக ஆங்கிலத்தில் கூறுகிறேன்.” மொழி மாறுவதற்கான காரணம் தெரிந்தால், மலையிலிருந்து வந்திருக்கும் கிழங்கு விவசாயி தம்மை ஒதுக்கிவிட்டனர் என்று எண்ணமாட்டார்.

நம் எடுத்துக்காட்டில் அந்த விருந்தினர் மராட்டியத்தைச் சேர்ந்த வங்கி அதிகாரி என்று கொள்வோம். ஆங்கிலப் பகுதியில் நன்றியுரையாளர் அவையை நோக்கியிருந்த முகத்தை அவர் பக்கம் திருப்பி, முன்னிலையில் பேச வேண்டும். தமிழ் மேடை வழக்கில் நன்றிக்குரியவரைப் படர்க்கையில் வைத்து அவைக்கு அறிமுகப்படுத்துவது முறை. ஆங்கிலத்தில் அவரையே நேராக விளித்துப் பேசுவது இயல்பாக ஒலிக்கும். கிடங்கில் உள்ள ஜவ்வரிசி மூட்டைகளை ஈடுகாட்டிக் கடன் பெறுவதற்கு எந்த ஆவணங்கள் வேண்டும் என்பதை அவர் கரும்பலகையில் எழுதிக் காட்டினார் என்றால், அதையே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். வருகைக்கும் விருந்தோம்பலுக்கும் உரிய வழக்கமான ஆங்கிலச் சொற்றொடர்களை அவர் எத்தனையோ ஊர்களில் கேட்டிருப்பார்.

இப்பகுதியை எச்சொல்லால் முடிப்பது? ஆங்கிலம் அறியாத பாதி அவைக்கு அந்தத் தொடர்களின் முடிவுப் புள்ளி தெரியாது. எனவே கைதட்டல் பாதியாகவே எழும். விருந்தினர் தம்மை அவை குறைவாக மதித்தது என்று எண்ணக்கூடும். ஆங்கிலப் பகுதியின் கடைசியில் அவர் பெயரைச் சொல்லி, சற்று நிறுத்தி, ‘நன்றி’ என்று தமிழிலேயே முடித்தால் இச்சிக்கல் தீரும். தமிழ்நாட்டில் பணிபுரியும் எவருக்கும் வணக்கமும் நன்றியும் தெரிந்த சொற்கள். அவைக்கோ அது ஏற்கெனவே பழகிய முடிவு. ஒரே சொல்லில் இரு சாராரும் ஒன்றுசேர்வர்.

வேற்றுமொழிப் பெயர்களை ஒலிப்பதில் தனிக் கவனம் வேண்டும். தமிழ் எழுத்து முறையில் வல்லினத்துக்கு ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் எழுத்தே உண்டு; அது சொல் முதலிலும் இரட்டிக்கும்போதும் வன்மையாகவும், இடையில் தனித்தும் மெல்லினத்தின் பின்னும் வரும்போது மென்மையாகவும் ஒலிக்கும். இடத்தைக் கொண்டே ஒலியை அறியும் இம்முறை தமிழ்ச் சொற்களுக்கு முற்றும் போதுமானது. பிற மொழிப் பெயர்களோ இவ்விதிக்குக் கட்டுப்படுவதில்லை. பிறர் எழுதிக்கொடுத்த தாளைப் பார்த்துப் படிப்பவர், சொல் முதலில் மென்மையாக ஒலிக்க வேண்டிய எழுத்தை வன்மையாக ஒலித்துவிடுகிறார். நெட்டெழுத்து குறுகினால் நிலைமை இன்னும் மோசமாகும். மராட்டியரிடையே பெருவழக்கான ‘பாட்டீல்’ என்ற குடும்பப்பெயர் தாளில் ‘பாட்டில்’ என்று எழுதப்பட்டு, மேடையில் அப்படியே படிக்கப்பட்டால் அவையில் சிரிப்பு எழும். விருந்தினருக்குக் காரணம் விளங்காது. தேநீர் இடைவேளையில் அவரிடமே சென்று, பெயரை ஒருமுறை ஒலித்துக் காட்டுமாறு கேட்டு, நாமும் அவர்முன் ஒருமுறை சொல்லிப் பார்ப்பதே இதற்கு வழி. எவரும் இதைத் தவறாக எண்ணுவதில்லை, மகிழ்வர்.

துறைச் சொற்களில் நான் கடுந்தூய்மை பேசவில்லை. ‘சரக்கு சேவை வரி’ என்று சொன்னால் ஆலை உரிமையாளர்கள் விளங்கிக்கொள்வர். அரசு ஏடுகளிலும் செய்தித்தாள்களிலும் அச்சொல் வேரூன்றிவிட்டது. ‘உள்ளீட்டு வரி வரவு’ என்பது இன்னும் அவ்வளவு பழகவில்லை. அங்கே செயலை விளக்கிச் சொல்வதே மேல். கிழங்கின் விலையை முடிவுசெய்யும் மாவுச்சத்தின் அளவைக் களத்தில் எல்லோரும் ‘பாயிண்ட்’ என்றே கூறுகின்றனர். விவசாயியிடம் அதை மாற்றிச் சொல்லிக் குழப்புவதால் பயனில்லை. நடையைப் பொறுத்தவரை, மேடைக்குரிய செந்தமிழ் முடிவுகளைக் குறுந்தொடர்களில் பயன்படுத்தினால் எல்லோருக்கும் புரிகிறது. செந்தமிழ் விளங்கவில்லை என்று கூறப்படும் இடங்களில் பெரும்பாலும் குற்றம் தொடரின் நீளத்தில்தான் இருக்கிறது.

எஞ்சியிருப்பது பெயர்களின் வரிசை. சிறப்பு விருந்தினர், தலைவர், உரையாளர்கள் ஆகியோர் முதலிலும், மண்டப உரிமையாளர், சமைத்தவர், ஒலிபெருக்கி அமைத்தவர் ஆகியோர் பின்னாலும் வருவது மரபு. மரபைக் குலைக்க வேண்டியதில்லை. ஆயின் நினைவாற்றலின் ஓர் இயல்பை இங்கே கருத வேண்டும். உளவியலாளர் பென்னட் மர்டாக் 1962இல், பத்து முதல் நாற்பது சொற்கள் வரை கொண்ட பட்டியல்களை ஒவ்வொன்றாகக் கேட்கச் செய்து, நினைவுக்கு வருவனவற்றை எழுதச் சொன்னார். தொடக்கத்தில் வந்தவையும் இறுதியில் வந்தவையும் நன்கு நினைவுகூரப்பட்டன. நடுவில் வந்தவை பெரும்பாலும் மறைந்தன. பன்னிரண்டு பெயர்களை ஒரே மூச்சில் சொல்லும் நன்றியுரையிலும் நடுப்பகுதியே கரைந்து போகும். நம் கருத்தரங்கில் அந்த நடுவிடத்தில் அகப்படுவோர் இரண்டாம் அமர்வில் பேசிய தொழில் மைய அலுவலரும், கல்வராயன் மலையிலிருந்து கிழங்குடன் வந்து மாவுச்சத்தை அளப்பதைச் செய்துகாட்ட உதவிய விவசாயிகளும் ஆவர். ஆங்கிலப் பகுதியைக் கொண்டுபோய் அந்த நடுவில் வைத்தால், பட்டியல் இரண்டாகப் பிரிகிறது; அதன் பின் வரும் விவசாயிகளின் பெயர் புதிய பட்டியலின் முதற்பெயராகிவிடுகிறது. மொழி மாற்றமே செவிக்கு ஓய்வும் விழிப்பும் தருகிறது. விருந்தினருக்காகச் செய்த ஏற்பாடு, நடுவில் மறைந்துபோக இருந்தவர்களையும் காப்பாற்றுகிறது. இம்முறையில் நான் பெரிதும் மதிப்பது இதையே.

நிதானமாகப் பேசினால் ஒரு மணித்துளிக்கு ஏறத்தாழ நூறு தமிழ்ச்சொற்களைத் தெளிவாக ஒலிக்கலாம். எதிரொலி மிகுந்த மண்டபத்தில் இன்னும் குறைவாகவே சொல்ல வேண்டும். கைதட்டலுக்கான நேரத்தையும் சேர்த்தால் ஐந்து மணித்துளி உரைக்கு முந்நூற்றைம்பது சொற்கள் போதும். ‘இறுதியாக’ என்ற சொல்லை ஒரே ஒருமுறை, உண்மையில் இறுதியாகும்போது மட்டும் பயன்படுத்த வேண்டும். அச்சொல்லைக் கேட்டதும் பின்வரிசைகளில் நாற்காலிகள் நகரத் தொடங்கிவிடும். நம் நிகழ்ச்சிகள் தமிழ்த்தாய் வாழ்த்தில் தொடங்கி நாட்டுப்பண்ணில் முடிகின்றன. ஆதலால் நன்றியுரையின் கடைசித் தொடர் எழுந்து நிற்குமாறு வேண்டும் தொடராகவே அமையும். அதற்கும் அதற்கு முந்தைய நன்றிக்கும் இடையில் முழுக் கைதட்டல் ஒன்றுக்கு இடம் விடுங்கள். விடாவிட்டால் கடைசியாக நன்றி பெற்ற சமையற்காரரின் பெயர் நாற்காலிகளின் ஒலியில் அமிழ்ந்துவிடும்.

அடுத்த கருத்தரங்கில் நன்றி நவிலும் பொறுப்பு உங்களிடம் வந்தால் அழைப்பிதழில் உள்ள பெயர்களை அப்படியே படிக்காதீர்கள். அதில் இருப்போரில் சிலர் வந்திருக்கமாட்டார்கள்; அதில் இல்லாத சிலர் காலை முதல் உழைத்திருப்பர். நிகழ்ச்சி நடக்கும்போதே முன்வரிசையில் அமர்ந்து, ஒவ்வொருவர் செய்ததிலும் ஒன்றை மட்டும் குறித்துக்கொண்டு, அதிலிருந்து உரையை எழுதுங்கள்.